வெயிலைப் பார்க்க வேண்டிய பக்கம்

கேள்வி: வீட்டுக்குப் பக்கவாட்டில் போகும் நடைபாதைக்கு மேலே போட்ட பாலிகார்பனேட் ஷீட் நாலே வருஷத்தில் மஞ்சளாகிவிட்டது. ஒன்றிரண்டு ஷீட் மட்டும் ரொம்ப மோசம். போன ஆலங்கட்டி மழையில் அதில்தான் ஓட்டை விழுந்தது. இப்போது அதை மாற்றி, பின்னால் கட்டும் சன்ரூமுக்கும் (3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரு மூலை சாய்வாக வெட்டியது) சேர்த்துப் போடப் போகிறேன். எந்தப் பக்கம் மேலே வரணும்? உள்ளே சூடு தாங்குமா? திரும்பவும் மஞ்சளாகாமல் இருக்குமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒன்றிரண்டு ஷீட் மட்டும் மோசமாக மஞ்சளாகி, ஆலங்கட்டியில் அதிலேயே ஓட்டையும் விழுந்திருக்கிறது என்றால், அந்த ஷீட்டுகளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முதல் சந்தேகம். எல்லா ஷீட்டும் ஒரே மாதிரி மஞ்சளாகியிருந்தால் மலிவுச் சரக்கு என்று சொல்லிவிடலாம். ஒரே லாட்டில் வாங்கி, ஒரே நாளில் போட்டு, ஒரே வெயிலில் காய்ந்தவற்றில் ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கெட்டால் அது சரக்கின் குறையாக இருக்காது.

காரணம் இதுதான். பாலிகார்பனேட் தன்னளவில் புற ஊதாக் கதிரைத் தாங்காது. கதிர் பட்டால் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, மஞ்சள் நிறமுள்ள வேறு சேர்மங்களாக மாறுகின்றன. அதனால் தயாரிக்கும்போதே ஷீட்டின் ஒரு முகத்தில் புற ஊதாவை உறிஞ்சும் பொருள் நிறையக் கலந்த ஒரு மெல்லிய அடுக்கைச் சேர்த்து வார்க்கிறார்கள். பூச்சு மாதிரி பின்னால் அடிப்பதில்லை. ஷீட் உருகிய நிலையில் வெளிவரும்போதே அதோடு ஒன்றாகிவிடுகிறது. அதன் கனம் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஷீட்டின் ஆயுள் மொத்தமும் அந்த ஒரு அடுக்கை நம்பித்தான் இருக்கிறது.

"வெளிச்சம் எப்படியும் ஷீட்டை ஊடுருவித்தானே போகிறது, அந்த அடுக்கு கீழே இருந்தால் என்ன?" என்று பலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். வெளிச்சம் ஊடுருவுகிறது, புற ஊதா ஊடுருவுவதில்லை. அதில் பெரும்பகுதி மேல் முகத்தின் மெல்லிய தோலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அந்த இடத்தில் பாதுகாப்பு அடுக்கு இருந்தால் உறிஞ்சல் தீங்கில்லாமல் நடக்கும். வெறும் பாலிகார்பனேட் இருந்தால் அதுவே அடி வாங்கும். கீழ் முகத்தில் இருக்கும் அடுக்குக்கு வேலையே வராது. ஷீட்டின் உடம்பிலும் கொஞ்சம் பாதுகாப்புப் பொருள் கலந்திருப்பார்கள்தான், ஆனால் நேர் வெயிலைத் தாங்க அது போதாது. தலைகீழாகப் போட்ட ஷீட் இரண்டு மூன்று வருஷத்திலேயே மஞ்சள் காட்ட ஆரம்பித்துவிடும்.

பழைய ஷீட்டைக் கழற்றியதும் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், சுவரோரம் தகட்டுக்கு அடியில் மறைந்திருந்த பகுதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தெளிவு, வெளியே மஞ்சள் என்றால் காரணம் வெயில்தான். இரண்டாவது, மேல் முகத்தில் ஒரு சின்ன இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மஞ்சள் பொடியாக வந்து அடியில் தெளிவான பிளாஸ்டிக் தெரிந்தால், சேதம் அந்த முகத்தின் தோலில் மட்டும்தான். நல்ல ஷீட்டையும் மோசமான ஷீட்டையும் இப்படி அருகருகே வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வெட்டிய ஓரத்தை மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். புது ஷீட்டுக்குக்கூட ஓரம் ஒரு சாயலோடுதான் தெரியும்.

தேய்த்தால் மஞ்சள் போகிறதே, எல்லாவற்றையும் தேய்த்து மெருகேற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். தேய்த்த முகத்தில் பாதுகாப்பு ஏதும் இல்லை. திரும்ப மஞ்சளாகும். புரட்டிப் போடலாமா? போட்டு ஓரிரு வாரத்தில் தெரியவந்தால் தாராளமாகப் புரட்டலாம். நாலு வருஷம் கழித்துப் புரட்டினால், மஞ்சளான முகம் கீழே வந்து உங்கள் தலைக்கு மேலே அப்படியே இருக்கும், பலமும் திரும்பாது.

புது ஷீட்டில் எது மேல் பக்கம் என்று கண்டுபிடிப்பது, ஷீட் முழுசாக இருக்கும்வரை சுலபம். இரண்டு முகத்திலும் ஃபிலிம் ஒட்டியிருக்கும். எழுத்து அச்சடித்த ஃபிலிம் உள்ள முகம்தான் பெரும்பாலும் வெயில் முகம். "இந்தப் பக்கம் வெளியே" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியே இருக்கும். மறு முகத்து ஃபிலிம் வெறுமையாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுத்தைப் படியுங்கள்.

சிக்கல் வருவது வெட்டிய பிறகுதான். நடைபாதைக்கு ஷீட்டைப் பட்டையாக வெட்டும்போது, எழுத்து விழாத துண்டு ஒன்று வரும். ஃபிலிமை உரித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால், சுவரில் சாய்த்து வைத்த துண்டு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் சொல்லவே முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்பே, வரப்போகிற ஒவ்வொரு துண்டின் மேல் முகத்திலும் ஒரு சின்ன மாஸ்கிங் டேப் ஒட்டி அம்புக்குறி போட்டுவிடச் சொல்லுங்கள். கூரையில் ஏற்றி ஸ்க்ரூ போட்ட பிறகுதான் அந்த டேப்பை எடுக்க வேண்டும்.

குறி தொலைந்துபோன துண்டுக்கு ஒரு வழி உண்டு. ரூபாய் நோட்டில் கள்ள நோட்டு பார்க்கப் பயன்படுத்தும் ஊதா டார்ச்சை, இருட்டான இடத்தில், வெட்டிய ஓரத்தின் மேல் அடியுங்கள். பல கம்பெனிகள் பாதுகாப்பு அடுக்கில் ஒளிரும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். இரண்டு முகங்களில் ஒன்றை ஒட்டினாற்போல் மெல்லிய நீலக் கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். அந்தக் கோடு இருக்கும் முகம்தான் வெயில் முகம். இரு பக்கமும் கோடு தெரிந்தால் அது இரு முகமும் பாதுகாத்த ஷீட், எப்படியும் போடலாம். கோடே தெரியாவிட்டால் உடனே ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள். ஒளிரும் பொருள் சேர்க்காத நல்ல ஷீட்டும் உண்டு. மேல் பக்கம் உறுதியாகத் தெரிகிற ஒரு துண்டை முதலில் சோதித்து, அதில் கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

இனி உங்கள் சன்ரூமின் சாய்வு மூலைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த முறையும் தலைகீழாக ஒரு துண்டு போக வாய்ப்புள்ள இடம் அதுதான். ஒரு செவ்வகத்தைக் குறுக்கே கோணலாக வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். ஒன்று இடது மூலைக்கு, மற்றது வலது மூலைக்கு என்று வேலைக்காரர் கணக்குப் போடுவார். தரையில் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டும் ஒரே வடிவம், ஒன்றைச் சுற்றினால் மற்றது வந்துவிடும். ஆனால் வலது மூலைக்கு வேண்டியது இடது மூலையின் கண்ணாடி பிம்பம். புரட்டினால்தான் பொருந்தும். புரட்டினால் பாதுகாப்பு அடுக்கு கீழே போய்விடும். மிச்சத் துண்டை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் மூணு வருஷத்தில் அந்த மூலை மட்டும் மஞ்சளாக நிற்கும். உங்களுக்கு ஒரு மூலைதான் சாய்வு என்பதால் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மிச்சத் துண்டை நடைபாதையின் கடைசியில் "சரியாகப் பொருந்துகிறதே" என்று போட வருவார்கள். பொருத்தம் பார்ப்பதற்கு முன் டேப் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

வாங்கும்போது "யூவி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், உடம்பில் ஒரு சிட்டிகை கலந்தாலும் அது உண்மைதான். "தனி அடுக்காக வார்த்ததா, எத்தனை மைக்ரான், ஒரு பக்கமா இரண்டு பக்கமா" என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் மஞ்சளாவதற்கும் வெளிச்சம் குறைவதற்கும் வழக்கமாக 10 வருஷ உத்தரவாதம் எழுத்தில் தருவார்கள். அதிலேயே தலைகீழாகப் போட்டால் செல்லாது என்றும் இருக்கும். பத்து வருஷம் கழித்தும் கண்ணாடிபோல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அடுக்கும் மெல்ல மெல்லத் தேய்கிறது. உத்தரவாதம் சொல்வது மஞ்சள் ஒரு வரம்புக்குள் இருக்கும் என்பதை மட்டும்தான்.

ஆலங்கட்டிக்கும் மஞ்சளுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. புது பாலிகார்பனேட் அடியை வாங்கி வளைந்து கொடுக்கும், கண்ணாடிபோல் சிதறாது. மஞ்சளான தோல் அப்படி வளையாது. மொறமொறப்பாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்திருக்கும். உள்ளே கூடு கூடாக இருக்கும் மல்டிவால் ஷீட் மொத்தம் 10 மில்லிமீட்டர் இருந்தாலும், மேல் சுவர் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய சுவரின் மேல் தோல் மொறுகிவிட்டால், விரிசல் அங்கே தொடங்கி அந்தச் சுவரையே கிழித்துக்கொண்டு போகும். உங்களுக்கு ஓட்டை விழுந்தது மஞ்சளான ஷீட்டில் மட்டும் என்பது அதனால்தான்.

எவ்வளவு பெரிய ஆலங்கட்டியைத் தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். 20 மில்லிமீட்டர் கட்டி ஒன்று சுமார் 4 கிராம் இருக்கும், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விழும். அதன் அடி ஒரு ஜூலுக்கும் குறைவு. நிறையத் தயாரிப்பாளர்கள் சோதித்து உறுதி சொல்வது இந்த அளவுக்குத்தான். விட்டம் இரட்டித்து 40 மில்லிமீட்டர் ஆனால் எடை 8 மடங்கு, வேகமும் கூடும், எனவே அடி சுமார் 16 மடங்கு. 20 மில்லிமீட்டருக்குச் சோதித்த ஷீட் 30-க்கும் தாங்கும் என்று கூட்டல் கணக்குப் போட முடியாததற்கு அதுவே காரணம். பெரிய கட்டி விழும் இடம் என்றால் கூடு இல்லாத சாலிட் ஷீட், 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தில் போடுங்கள். அது குழியலாம், ஓட்டை விழுவது அபூர்வம். நடைபாதைக்கு நான் அதைத்தான் சொல்வேன். பக்கங்கள் திறந்திருப்பதால் அங்கே வெப்பத்தைத் தடுக்கும் கூடு தேவையில்லை, கூட்டுக் குழிகளுக்குள் தூசியும் பாசியும் ஏறுகிற தொல்லையும் இல்லை.

சன்ரூமில் கதை வேறு. மூடிய அறை என்பதால் அங்கே சூடுதான் பெரிய பிரச்சினை, அதைக் கொஞ்சம் எண்ணாகப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் வரை வரும். உங்கள் கூரை 3.5 × 3, மூலையைக் கழிக்காமல் 10.5 சதுர மீட்டர். தெளிவான 10 மில்லிமீட்டர் மல்டிவால் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும் என்றால், 8 கிலோவாட்டுக்கு மேல். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் ரூம் ஹீட்டர் எட்டை ஒரே அறையில் போட்டதற்குச் சமம். உள்ளே வந்த வெயில் தரையிலும் பொருளிலும் பட்டு வெப்பமாகிவிட்டால், அந்த வெப்பக் கதிர் திரும்பப் பாலிகார்பனேட்டைத் தாண்டி வெளியே போகாது.

இங்கே ஒரு பொதுவான குழப்பம் உண்டு. ஷீட்டின் கனத்தைக் கூட்டினால், சுவர்களை அதிகமாக்கினால் சூடு குறையும் என்று கடையில் சொல்வார்கள். அது குளிர் இரவில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே ஓடுவதைத் தடுக்க உதவும். பகல் வெயில் கதிராக வருவதை அது கொஞ்சம்தான் குறைக்கிறது. பகல் சூட்டுக்கு நிறம்தான் முக்கியம். வெள்ளை அல்லது பால் நிற ஷீட் வெயிலில் நல்ல பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், வெளிச்சமும் கண்ணைக் குத்தாது. பிரவுன் நிறம் வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிர, வெயிலைத் தானே உறிஞ்சிச் சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் கீழே இருப்பவர்கள் மேல் கொட்டும். நிழலாகத் தெரியும், ஆனால் தலைக்கு மேல் அனல் இருக்கும். எனக்கு சன்ரூமுக்குப் பிரவுன் பிடிக்காது. பால் நிற 16 மில்லிமீட்டர் மல்டிவால், கூடவே உயரத்தில் ஒரு திறப்பும் தாழ்வாக ஒரு திறப்பும் வைத்தால் சூடான காற்று தானே மேலே போய் வெளியேறும். உள்ளே திரை கட்டுவதைவிட, கூரைக்கு மேலே காற்றுப் போகும் இடைவெளி விட்டு நிழல் வலை கட்டினால் பலன் அதிகம். உள்ளே திரை கட்டும்போது வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்தாகிவிட்டது. ஷீட் உருகிவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். பாலிகார்பனேட் மென்மையாகத் தொடங்குவதே 140 டிகிரிக்கு மேல்தான்.

ஆனால் அது நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். உங்கள் 3.5 மீட்டர் ஷீட் விடியற்காலையில் 20 டிகிரியிலும் மத்தியானம் 60 டிகிரியிலும் இருந்தால் 40 டிகிரி வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதைத் தாங்க இடம் இல்லாவிட்டால் ஷீட் வளைந்து மேலே உப்பும், மாலையில் "டக் டக்" என்று சத்தம் போடும், ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல் விழும். 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 10 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால்கூட இருபுறமும் 2 மில்லிமீட்டர்தான் அசைய இடம். மேல் முனையை இறுக்கிவிட்டால் மொத்த 10 மில்லிமீட்டரும் கீழ் முனையில் வந்து சேரும், அந்த ஓட்டை போதாது. இவ்வளவு நீளத்துக்கு ஷீட்டில் ஓட்டையே போடாமல், இரண்டு ஓரத்தையும் அலுமினிய பட்டையின் ரப்பருக்கு நடுவில் பிடித்து, அதற்குள் ஷீட் வழுக்கிப் போகும்படி விடுவதுதான் நல்லது. நடுவில் எங்காவது ஸ்க்ரூ வேண்டியிருந்தால் ஓட்டையை 12 மில்லிமீட்டராக்கி, அகலமான ரப்பர் வாஷர் போட்டு, வாஷர் நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அந்த ரப்பர் பி.வி.சி.யாக இருக்கக் கூடாது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய், தொட்ட இடத்தில் பாலிகார்பனேட்டை விரிசல் விட வைக்கும். இடைவெளி அடைக்கும் சிலிக்கானிலும் புளிக்காடி வாசம் அடிப்பதைத் தள்ளிவிட்டு, நியூட்ரல் என்று எழுதியதையே வாங்குங்கள்.

மல்டிவாலின் உள்ளே நீளவாக்கில் போகும் குழிகள் எப்போதும் சரிவின் திசையில் ஓட வேண்டும், ஒரு மீட்டருக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டராவது சரிவு இருக்க வேண்டும். மேல் முனைக் குழிகளை அலுமினிய டேப்பால் முழுசாக அடைத்து, கீழ் முனைக்குக் காற்றுவிடும் டேப் ஒட்டுங்கள். உள்ளே சேரும் ஈரம் கீழ் வழியாக வெளியேறும், பூச்சி ஏறாது. கீழேயும் முழுசாக அடைத்துவிட்டால் சில மாதத்திலேயே குழிகளில் பச்சை ஏறும், அதையும் மஞ்சள் என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள்.

ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் கறுப்பாக இருந்தால் அதன் மேல் முகத்துக்கு மட்டுமாவது வெள்ளை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஷீட் போடுங்கள். கறுப்பு இரும்பு தொடும் வரிசையில் ஷீட் அதிகம் சூடேறி, அந்தக் கோட்டிலேயே முதலில் கெடும். ஈரமான பெயிண்டின் தின்னர் பட்டாலும் கெடும், அதனால் காய்வதில் அவசரம் வேண்டாம்.

ஃபிலிமை, ஷீட் இடத்தில் உட்கார்ந்த அன்றே உரித்துவிடுங்கள். வேலை முடியும்வரை அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று விட்டால், பசை வெயிலில் வெந்து ஷீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறல் 50 மைக்ரானைத் தாண்டிவிடும். கழுவும்போது சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் மேலே ஏறக் கூடாது.

பழைய ஷீட்டைக் கழற்றும் நாளில் யாரும் அதன் மேல் கால் வைக்க வேண்டாம். மஞ்சளான ஷீட் எடையைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. சட்டத்துக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் நின்று, ஓட்டை விழுந்த ஷீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.